கரப்பான் குழந்தையின் தோலில் திடீர்க் குழிகள்

கரப்பான் உள்ள குழந்தையை வளர்ப்பவர்களுக்குத் தோல் மோசமாவது பழகிப்போன விஷயம். பனிக்காலத்தில் முழங்கை மடிப்பு வெடிக்கும், புழுக்கத்தில் கழுத்து தினவெடுக்கும், இரவெல்லாம் குழந்தை சொறியும். டாக்டர் கொடுத்த களிம்பை ஒழுங்காகத் தடவினால் சில நாட்களில் அடங்கிவிடும். இப்படிப் பழகிய கண்தான் சில நேரம் ஏமாறுகிறது. எக்ஸிமா ஹெர்பெடிகம் என்ற தொற்று அந்தப் பழைய கரப்பான் மேலேயே வந்து உட்காருகிறது. முதல் நாளில் பார்ப்பவர்களுக்கு அது கரப்பான் கொஞ்சம் அதிகமானதுபோலத்தான் தெரியும்.

இதற்குக் காரணம் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வைரஸ், பெரும்பாலும் அதன் முதல் வகை. காய்ச்சலுக்குப் பிறகோ தூக்கம் கெட்டபோதோ பெரியவர்களின் உதட்டோரத்தில் சிறு கொப்புளங்கள் கொத்தாகக் கிளம்பி, பொருக்காகி, ஒரு வாரத்தில் உதிர்ந்துபோவதைப் பார்த்திருப்போம். அதே வைரஸ்தான். ஒருமுறை உடம்புக்குள் வந்துவிட்டால் நரம்பு முடிச்சுகளில் ஒளிந்துகொண்டு ஆயுள் முழுக்க இருக்கும். சில நேரங்களில் புண் எதுவும் இல்லாமலேயே எச்சிலில் வெளிப்படும். ஆரோக்கியமான தோல் உள்ள குழந்தைக்கு இது தொற்றினால் வாய்ப்புண்ணோடு கூடிய காய்ச்சல் வரலாம், ஒன்றும் தெரியாமலும் போகலாம்.

கரப்பான் உள்ள தோலில் கதை வேறு. அங்கே மேல்தோல் செல்களுக்கிடையே நிறைய விரிசல்கள் உண்டு. தோலை இறுக்கமாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதம் பல குழந்தைகளுக்குப் போதிய அளவு இருப்பதில்லை. கிருமிகளைக் கொல்லத் தோல் தானாகவே சுரக்கும் சில பொருட்களும் குறைந்திருக்கும். போதாக்குறைக்கு, அலர்ஜியைத் தூண்டும் வகை நோயெதிர்ப்பு அங்கே ஓங்கியிருப்பதால் வைரஸை எதிர்க்கும் வகை அடங்கிக் கிடக்கும். அதனால் உதட்டோரத்தில் நான்கைந்து கொப்புளங்களோடு நிற்க வேண்டிய வைரஸ், கன்னம், கழுத்து, மார்பு, கை என்று சில நாட்களில் பரவிவிடுகிறது. சொறியும் விரல் நகமும் அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகிறது.

இது நடக்கும் விதத்தைக் காட்ட ஒரு குழந்தையைக் கற்பனை செய்துகொள்வோம். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை. மூன்று மாதத்திலிருந்தே கன்னத்திலும் கைகால் மடிப்புகளிலும் கரப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து மாமா வருகிறார். அவர் உதட்டில் காய்ந்துகொண்டிருக்கும் ஒரு புண். ஆசையாக மருமகளைத் தூக்கிக் கன்னத்தில் முத்தம் கொடுக்கிறார். இந்த வைரஸ் தொற்றியதிலிருந்து வெளியே தெரிய ஐந்து நாள் முதல் பன்னிரண்டு நாள் வரை ஆகும். அடுத்த திங்கட்கிழமை குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல் வரும்போது, அந்த முத்தம் யாருக்கும் ஞாபகத்தில் இருக்காது.

அன்று மாலை இடது கன்னத்துக் கரப்பானின் மேல் பனித்துளி போல நீர் கோத்த கொப்புளங்கள் தெரிகின்றன. பாட்டி பார்த்துவிட்டு, "அம்மை போட்டிருக்கு, வேப்பிலை வை" என்கிறார். காய்ச்சலும் கொப்புளமும் சேர்ந்து வந்தால் நம் வீடுகளில் முதலில் வாயில் வரும் சொல் அது. பாட்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சின்னம்மைக்கும் இதற்கும் முதல் நாளில் உருவ ஒற்றுமை உண்டு. ஆனால் அம்மை என்று முடிவு செய்த வீட்டில் ஊசி, மருந்து எல்லாம் தள்ளிப்போகும். இன்னும் சில ஊர்களில் இதை அக்கி என்று சொல்லி, மண்பாண்டம் செய்பவரிடம் காவி எழுதிக்கொள்ளக் கூட்டிப்போவார்கள். பெரியவர்களுக்கு இடுப்பில் வரும் அக்கி பெரும்பாலும் தானாகவே ஆறிவிடும் என்பதால் அந்த நம்பிக்கை நிலைத்திருக்கிறது. கரப்பான் உள்ள குழந்தைக்கு அந்த இரண்டு மூன்று நாள் காத்திருப்புதான் ஆபத்து. காவியும் மஞ்சளும் பூசிவிட்டால் அடியில் தோல் என்ன ஆகிறதென்று டாக்டராலும் பார்க்க முடியாது.

செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கொப்புளங்கள் உடைந்திருக்கின்றன. இந்த நோயை அடையாளம் காட்டுவது இந்தக் கட்டம்தான். உடைந்த ஒவ்வொரு கொப்புளமும், காகிதத்தில் பஞ்சிங் மெஷினால் துளை போட்டது போல, ஓரம் தெளிவான வட்டக் குழியாக நிற்கும். ஒவ்வொன்றும் ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர்தான். எல்லாம் ஒரே அளவு, ஒரே தோற்றம். பிறகு அவற்றின் மேல் ரத்தம் கலந்த கருமையான பொருக்கு கட்டும், பக்கத்துக் குழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய புண்ணாகும். நம் மாநிறத் தோலில் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது. அதனால் நிறத்தை நம்பாமல் குழிகளின் வடிவத்தையும் கறுத்த பொருக்கையும் பார்க்க வேண்டும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் அடித்தால் குழிகள் நன்றாகத் தெரியும்.

சின்னம்மை இப்படி இருக்காது. அது பெரும்பாலும் உடலின் நடுப்பகுதியில் தொடங்கி, கரப்பான் இல்லாத நல்ல தோலிலும் சிதறலாக வரும். ஒரே நேரத்தில் ஓரிடத்தில் சிவந்த புள்ளி, பக்கத்தில் நீர்க்கொப்புளம், இன்னொன்றில் பொருக்கு என்று கலந்து இருக்கும். எக்ஸிமா ஹெர்பெடிகம் கரப்பான் உள்ள இடத்தில் கொத்தாகக் கிளம்பும். இன்னொரு வித்தியாசத்தைத் தாயால்தான் சொல்ல முடியும். கரப்பான் அரிக்கும், இது வலிக்கும். வழக்கமாகச் சொறிந்துகொண்டே இருக்கும் குழந்தை திடீரென்று தொட விடாமல் அழுதால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

நம் கற்பனைக் குழந்தையைச் செவ்வாய் மாலை பக்கத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோகிறார்கள். குழிகளில் சில இடங்களில் தேன் நிறத்தில் பொருக்கு இருக்கிறது. கரப்பான் தோலில் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா எப்போதும் குடியிருக்கும், அதனால் சீழ்த்தொற்று என்று நினைத்து ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுக்கிறார் டாக்டர். இதிலும் பாதி உண்மை உண்டு, இரண்டு தொற்றும் சேர்ந்தே வருவது அடிக்கடி நடப்பதுதான். ஆனால் ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பிரிட்டனில் குழந்தைக் கரப்பானுக்காக 2007-ல் வெளியான நைஸ் வழிகாட்டி இதைத்தான் குறிப்பிட்டுச் சொல்கிறது: தொற்று ஏறிய கரப்பான் ஆன்டிபயாடிக்குக்கும் ஸ்டீராய்டு களிம்புக்கும் அடங்கவில்லை என்றால் ஹெர்பிஸை நினைக்க வேண்டும். இந்த நோய் என்று சந்தேகம் வந்தாலே மருந்தை உடனே தொடங்கி, அதே நாளில் நிபுணரிடம் அனுப்ப வேண்டும் என்றும் சொல்கிறது.

புதன் இரவு இடது கண் இமை வீங்கி, அதன் ஓரத்திலும் இரண்டு குழிகள். இப்போது பெரிய ஆஸ்பத்திரி. அங்கே தோல் டாக்டர் பார்த்த உடனே நோயைச் சொல்லிவிடுகிறார். புதிய கொப்புளம் ஒன்றின் அடியில் பஞ்சுக்குச்சியால் துடைத்து பிசிஆர் சோதனைக்கு அனுப்புகிறார்கள். முடிவுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் டிரிப் ஏறுகிறது. இந்த வரிசை மிக முக்கியம். சோதனை, நோயை உறுதி செய்யத்தான். மருந்தைத் தொடங்க டாக்டரின் சந்தேகமே போதும்.

இந்த மருந்து வேலை செய்யும் விதம் தெரிந்தால் அவசரம் ஏன் என்பது புரியும். அசைக்ளோவிர் நல்ல செல்லுக்குள் ஏறக்குறைய செயலற்றுக் கிடக்கும். வைரஸ் புகுந்த செல்லில், வைரஸின் சொந்த நொதியே அதைத் தூண்டி விஷமாக மாற்றுகிறது. உடனே வைரஸ் தன்னைப் பிரதியெடுப்பது நின்றுவிடும். ஆக, இனி உண்டாகப்போகும் வைரஸைத்தான் இந்த மருந்து தடுக்கும், ஏற்கெனவே உண்டான புண்ணை ஆற்றாது. எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு தோல் மிஞ்சும். அமெரிக்கக் குழந்தைகள் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்ட 1331 குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011-ல் வெளியான ஆய்வில், முதல் நாளே மருந்து தொடங்கப்பட்டவர்கள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் ஆஸ்பத்திரி வாசம் நீண்டது. அந்தக் குழந்தைகளில் யாரும் இறக்கவில்லை. இந்த மருந்து வருவதற்கு முந்தைய காலத்தில் இதே நோய் பல குழந்தைகளின் உயிரைக் குடித்திருக்கிறது. வைரஸ் ரத்தத்தில் கலந்து ஈரலுக்கோ மூளைக்கோ போவதும், புண் வழியாகப் பாக்டீரியா ரத்தத்தில் இறங்குவதும்தான் அந்தச் சாவுகளுக்குக் காரணம். இரண்டும் இன்றும் நடக்கக்கூடியவையே.

கண்ணைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இமையிலோ கண்ணைச் சுற்றியோ மூக்கு நுனியிலோ குழிகள் இருந்தால் அதே நாளில் கண் டாக்டர் பார்த்தாக வேண்டும். ஒரு சொட்டு ஆரஞ்சு நிறச் சாயத்தை விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். கருவிழியில் வைரஸ் இருந்தால் மரக்கிளை போலப் பிரிந்த புண் பச்சையாக ஒளிரும். கவனிக்காமல் விட்டால் கருவிழியில் தழும்பு விழுந்து பார்வை மங்கும். கண் சிவந்திருக்கிறதே என்று மருந்துக் கடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி விடுவது இந்த நிலையில் பெரிய கேடு.

குழந்தைக்கு எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, எடையைக் கணக்கிட்டு, ஒவ்வொரு டோஸும் சுமார் ஒரு மணி நேரம் மெதுவாக ஏற்றுகிறார்கள். வேகமாக ஏற்றினாலோ உடம்பில் நீர் குறைந்திருந்தாலோ மருந்து சிறுநீரகத்தில் படிகமாகும் என்பதால் கூடவே நீரேற்றமும் நடக்கிறது. காய்ச்சல் விட்டு, புதிய கொப்புளம் வருவது நின்ற பிறகு சிரப்புக்கு மாற்றுகிறார்கள். வாய் வழியாகக் கொடுக்கும்போது இந்த மருந்தில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும், அதனால்தான் ஒரு நாளைக்கு நான்கைந்து வேளை கொடுக்கச் சொல்கிறார்கள். வளர்ந்த குழந்தை, கொஞ்ச இடத்தில் மட்டும் புண், நன்றாகச் சாப்பிடுகிறான் என்றால் தொடக்கத்திலிருந்தே வாய்வழி மருந்தோடு வீட்டில் வைத்துக் கவனிக்க டாக்டர் சம்மதிக்கலாம். கைக்குழந்தைகளை அப்படி விடுவதில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை வீட்டில் செய்ய வேண்டியது குறைவு. கொப்புளத்தை உடைக்காமல், நகத்தை ஒட்ட வெட்டி, காய்ச்சலுக்கு எடைக்கேற்ற பாராசிட்டமால் கொடுத்து, பாலோ தண்ணீரோ அடிக்கடி குடிக்க வைத்தால் போதும். டாக்ரோலிமஸ் களிம்பு தடவிக்கொண்டிருந்தால் நிறுத்த வேண்டும். ஸ்டீராய்டு களிம்பைத் தொடர்வதா என்பதை அன்றே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். குழந்தை சோர்ந்து துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை என்றாலோ, நடு இரவானாலும் கிளம்ப வேண்டும். அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் இந்த நோயை அதிகம் பார்த்திராதவராக இருக்கலாம். "கரப்பான் உள்ள குழந்தை, இரண்டு நாளாகக் காய்ச்சல், கரப்பான் மேல் ஒரே அளவில் குழி விழுந்திருக்கிறது, ஹெர்பிஸாக இருக்குமா?" என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

புண் ஆறிய பிறகும் வைரஸ் உள்ளேயே இருக்கும், சில குழந்தைகளுக்கு மறுபடி வரும். அடுத்த முறை குறைப்பதற்கு உறுதியான வழி, கரப்பானை எப்போதும் அடக்கி வைத்திருப்பதுதான். ஸ்டீராய்டு என்ற பயத்தில் களிம்பைப் பாதியில் நிறுத்துவதால் விரிசல்கள் திறந்தே கிடக்கும். மாமாவோ வேறு யாரோ, உதட்டில் புண் இருப்பவர் அது முழுதும் காய்ந்து தோல் மூடும்வரை குழந்தையை முத்தமிடாமல், தன் துண்டையும் டம்ளரையும் தனியாக வைத்துக்கொண்டு, கை கழுவிவிட்டுத் தூக்கலாம்.