வேலை இல்லை என்று எழுதுவது எப்படி?

நேர்முகத் தேர்வுக்கு வந்துபோனவருக்கு எழுதும் மறுப்பு மின்னஞ்சலில், முடிவு முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். நன்றியை நீட்டி முழக்கினால், படிப்பவரின் கண் 'ஆனால்' எங்கே என்றுதான் தேடும்.

சிக்கலே குறையைச் சொல்வதில்தான். கணக்காளர் வேலைக்கு வந்தவரிடம் "இன்னும் அனுபவம் தேவை" என்றால் அவர் என்ன செய்வார்? "ஜிஎஸ்டி பற்றித் தெளிவாக விளக்கினீர்கள். வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் பயிற்சியில், கொடுத்த காசோலை இன்னும் பணமாகாததால் வந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை" என்று எழுதினால், மறுநாளே உட்கார்ந்து பழகலாம். தேர்வில் நடந்ததோடு நிறுத்திக்கொள்வது நல்லது; வயது, குடும்பம், சுபாவம் என்று போனால் வம்புதான்.

"அடுத்த காலியிடத்துக்கு அழைக்கிறோம்" என்பதை, உண்மையிலேயே அழைக்கும் எண்ணம் இருந்தால் மட்டும் எழுதலாம். இல்லையென்றால், "நேரம் ஒதுக்கி வந்ததற்கு நன்றி. சீக்கிரமே நல்ல வேலை அமையட்டும்" என்பதே போதும்.