4.4 பேர் வாழும் வீடு எங்கே இருக்கிறது?

முகாம் அறிவித்தல் பலகையில் "சராசரிக் குடும்ப அளவு 4.4" என்றிருந்தால், அந்த 0.4 யார் என்று கேட்கத் தோன்றும். அப்படி ஒரு வீடு கல்முனையில் மட்டுமல்ல, எங்குமே இல்லை. அந்த எண் எப்படி வருகிறதென்று 20 குடும்பங்களை உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

2 பேர்: 2 குடும்பங்கள்
3 பேர்: 4
4 பேர்: 6
5 பேர்: 4
6 பேர்: 2
7 பேர்: 1
9 பேர்: 1

ஒவ்வொரு வரியிலும் ஆட்தொகையைக் குடும்பத் தொகையால் பெருக்கிக் கூட்டினால் 88 பேர். அதை 20ஆல் வகுத்தால் 4.4. பெருக்காமல், 2 முதல் 9 வரையுள்ள ஏழு அளவுகளையும் கூட்டி 7ஆல் வகுப்பவர்களும் உண்டு. 5.1 என்று வரும், அது பிழை.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் ஒருவருக்கு வாரம் 375 ரூபா நிவாரணம் வழங்கப்பட்டது. 20 குடும்பங்களுக்கும் மொத்தம் எவ்வளவு தேவை என்றறியச் சராசரி போதும்: 4.4 × 20 × 375 = 33,000 ரூபா. ஆனால் அதையே குடும்பத்துக்கு 1,650 ரூபா என்று சமமாகப் பங்கிட்டால், 750 பெறவேண்டிய இருவர் குடும்பத்துக்கு 900 ரூபா கூடுதலாகப் போகும். 3,375 பெறவேண்டிய ஒன்பது பேர் குடும்பத்துக்கோ பாதிகூடக் கிடைக்காது. மொத்தக் கணக்கு சரியாகவே இருப்பதால் இந்தத் தவறு கண்ணில் படாது.

ஆகவே பங்கீட்டுப் பட்டியலில் சராசரியைப் பார்க்காதீர்கள். உங்கள் பெயருக்கு நேரே உள்ள ஆட்தொகையைப் பாருங்கள். புதிதாகப் பிறந்த பிள்ளை விடுபட்டிருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லித் திருத்துங்கள்.