பெற்றோர் கையெழுத்துக்கு முன் படிக்க வேண்டிய கூட்டக் குறிப்பு

பள்ளித் தவணை தொடங்கும் வாரத்தில் பிள்ளையின் பையிலிருந்து ஒரு தாள் வரும். பெற்றோர் ஆசிரியர் சங்கம் இவ்வளவு, கணினி அறை இவ்வளவு, பயிற்சித் தாள் இவ்வளவு, பாதுகாப்பு நிதி இவ்வளவு, மொத்தம் இவ்வளவு. மொத்தத்தைப் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணி உறைக்குள் போட்டு அனுப்புகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு வரியையும் யார், எந்தக் கூட்டத்தில், எந்த அதிகாரத்தில் முடிவு செய்தார்கள் என்பது தாளில் இருக்காது. கூட்டக் குறிப்பில்தான் இருக்க வேண்டும். அங்கேயும் இல்லையென்றால் சிக்கல் அங்கிருந்தே தொடங்குகிறது.

பள்ளிக் கட்டணம் என்ற பெயரில் அரசாங்கம் வாங்கிவந்த தொகையை 2012ஆம் ஆண்டிலிருந்து ரத்து செய்துவிட்டது. அதுவரை தொடக்கப்பள்ளியில் 24 ரிங்கிட் 50 சென், இடைநிலைப்பள்ளியில் 33 ரிங்கிட் 50 சென். பாடநூலும் கடன் திட்டத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஆகவே இன்று பிள்ளையின் பையில் வரும் தாளில் உள்ளவை பெரும்பாலும் பெ.ஆ.ச. நன்கொடையும் பள்ளியே திரட்டும் சில தொகைகளுமே. பெ.ஆ.ச. நன்கொடை கட்டாயமில்லை என்றும், அதைக் கட்டாத குடும்பத்துப் பிள்ளைக்குப் பதிவையோ பாடநூலையோ மறுக்கக்கூடாது என்றும் கல்வியமைச்சு பலமுறை அறிவித்திருக்கிறது. இதற்குள் ஒரு நியாயமும் இருக்கிறது. 2003 முதல் தொடக்கக் கல்வி கட்டாயம். பிள்ளையை அனுப்பாவிட்டால் பெற்றோர்தான் குற்றவாளி. கட்டாயமாக வரச் சொல்லிவிட்டு, வாசலில் பணம் கேட்டு நிறுத்த முடியாது.

பெ.ஆ.ச. என்பது நான்கு பேர் கூடி நடத்தும் நற்பணி மன்றம் அன்று. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் கீழ் 1998இல் வந்த பெற்றோர் ஆசிரியர் சங்க விதிகளின்படி பதிவு பெறும் அமைப்பு. அதன் பதிவும் கண்காணிப்பும் சங்கங்களின் பதிவிலாகாவிடம் இல்லை, கல்வி இலாகாவிடம் இருக்கின்றன. பிள்ளை பள்ளியில் படிக்கும்வரை நீங்களும் அதன் உறுப்பினர். தலைமையாசிரியர் அதன் ஆலோசகர். பள்ளி நிர்வாகத்தில் தலையிட அதற்கு அதிகாரம் இல்லை. ஆசிரியர் மாற்றம், பாட அட்டவணை போன்றவற்றை அதன் செயலவை தீர்மானிக்க முடியாது. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழு வேறு வகை. அதில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் எழுதுவதும் அரசு மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அதன் வேலை. அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு இங்கே அதே அதிகாரத்தைக் கேட்கும் பெற்றோர் உண்டு. சட்டம் அதை இங்கே கொடுக்கவில்லை.

பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளிகளில் இன்னொரு அமைப்பும் உண்டு, பள்ளி மேலாளர் வாரியம். அங்கே ஆசிரியர் சம்பளத்தை அரசாங்கம் தருகிறது. நிலமும் கட்டடமும் வாரியத்தின் பொறுப்பில் இருக்கின்றன. கூரை ஒழுகினால் யாரிடம் போவது என்பது இதைப் பொறுத்தது. கட்டடப் புகாரைப் பெ.ஆ.ச. கூட்டத்தில் பேசி, பெ.ஆ.ச. குறிப்பில் எழுதி, வாரியத்துக்கு ஒரு கடிதம்கூடப் போகாமல் ஆண்டு முடிந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது.

இனிக் குறிப்புக்கு வருவோம். ஜெலுத்தோங்கில் ஒரு தமிழ்ப்பள்ளி, 120 குடும்பங்கள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளியும் கூட்டமும் எண்களும் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. அதன் கூட்டக் குறிப்பில் இப்படி இரண்டு பத்திகள்:

“நிதி: இவ்வாண்டுக் கட்டணம் பற்றி விவாதிக்கப்பட்டது. 60 ரிங்கிட் என முடிவானது. பாதுகாப்பு: நுழைவாயில் நெரிசல், தீயணைப்புக் கருவி பற்றிப் பெற்றோர் சிலர் கேள்வி எழுப்பினர். உரிய நடவடிக்கை எடுக்கப்படும் எனத் தலைவர் கூறினார்.”

இதில் பொய் ஒன்றுமில்லை, பயனும் ஒன்றுமில்லை. ‘கட்டணம்’ என்று எழுதியதால் நன்கொடை கட்டாயம்போல ஆகிவிட்டது. 60 ரிங்கிட் குடும்பத்துக்கா, பிள்ளைக்கா? மூன்று பிள்ளைகள் படிக்கும் வீட்டுக்கு இது 60 ரிங்கிட்டா, 180 ரிங்கிட்டா என்ற கேள்வி. முடிவு செய்தது செயலவையா, ஆண்டுப் பொதுக்கூட்டமா? நன்கொடையின் அளவு பொதுக்கூட்டத்தில் பெற்றோர் ஒப்புக்கொள்ள வேண்டியது. செயலவை அதைப் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான்.

அதே கூட்டத்தை விவரம் தெரிந்த செயலாளர் எழுதினால் இப்படி இருக்கும்: “குடும்பம் ஒன்றுக்கு 60 ரிங்கிட் நன்கொடை. அதில் 35 ரிங்கிட் நுழைவாயில் சிசிடிவிக்கு, 25 ரிங்கிட் விளையாட்டு விழாவுக்கு. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயர்கள் உண்டு. ஆதரவு 41, எதிர்ப்பு 6. தர இயலாத குடும்பங்கள் வற்புறுத்தப்படமாட்டா. சிசிடிவிக்கு மூன்று விலைப்புள்ளிகள் வந்தன. ஏற்றது 3,900 ரிங்கிட். தொகை குறைந்தால் கேமராவின் எண்ணிக்கை குறைக்கப்படும். பொறுப்பு: பொருளாளர். கணக்கு அடுத்த செயலவைக் கூட்டத்தில்.”

இப்போது எந்தப் பெற்றோரும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எல்லாரும் கொடுத்தால் சிசிடிவிக்கு 4,200 ரிங்கிட் சேரும், 300 மிஞ்சும். 80 குடும்பங்கள்தான் கொடுத்தன என்றால் 2,800. 1,100 ரிங்கிட் துண்டு விழும். துண்டு விழுந்தும் எல்லாக் கேமராக்களும் பொருத்தியாகிவிட்டது என்றால் மீதிப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க இடமிருக்கிறது. முதல் குறிப்பை வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியை எழுப்பவே முடியாது. கேட்பவர் சண்டைக்காரர் என்று பெயர் வாங்குவதோடு சரி.

பணம் எங்கே போகிறது என்பதற்கு ரசீதே நல்ல சாட்சி. பெ.ஆ.ச. பணத்துக்குச் சங்கத்தின் ரசீது, பள்ளி வாங்கும் பணத்துக்குப் பள்ளியின் அரசாங்க ரசீது. இரண்டுக்கும் வங்கிக் கணக்கும் வேறு வேறு. ரசீது இல்லாமல் ரொக்கமாக வகுப்பிலேயே வாங்குவது, புலனக் குழுவில் ஒரு தனிநபரின் கணக்கு எண்ணைப் போட்டு அங்கே அனுப்பச் சொல்வது, இரண்டு வகைப் பணத்தையும் ஒரே தாளில் கூட்டி ஒரே மொத்தமாகக் காட்டுவது ஆகியவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் நிறுத்திக் கேளுங்கள். கேட்பதை எழுத்தில் கேளுங்கள். புலனக் குழுவில் வாதாடினால் அது குறிப்பில் ஏறாது. தணிக்கை செய்த கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வைப்பது சங்கத்தின் கடமை. கணக்கு வைக்காமல் புதிய நன்கொடைக்குக் கை தூக்கச் சொன்னால், “முதலில் பழைய கணக்கு” என்று ஒருவர் எழுந்து சொல்வதையும் குறிப்பில் ஏற்றச் சொல்லலாம்.

பாதுகாப்புக்கு வந்தால் ‘உரிய நடவடிக்கை’ என்ற இரண்டு சொற்களைத்தான் நான் அதிகம் சந்தேகிப்பேன். தீயணைப்புக் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் தீயணைப்பு இலாகாவின் சான்று வில்லை ஒட்டியிருக்கும். அது ஓராண்டுக்குத்தான் செல்லும், தேதி வெளியிலேயே தெரியும். அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்பதையும் யாரும் பார்க்கலாம், நிபுணர் தேவையில்லை. ஆகவே குறிப்பில் “கருவிகள் சரிபார்க்கப்படும்” என்று எழுதுவதில் அர்த்தமில்லை. எந்தக் கட்டடத்தில் எத்தனை கருவிகள் காலாவதியாகின, புதுப்பிக்கும் செலவு யாருடையது, எந்தத் தேதிக்குள் என்று இருக்க வேண்டும். அடுத்த கூட்டத்தின் முதல் வேலை, சென்ற கூட்டக் குறிப்பை ஏற்பதும் அதிலிருந்து எழும் விஷயங்களைப் பேசுவதும். தேதி எழுதப்பட்டிருந்தால் அங்கே அது தானாகவே மேசைக்கு வந்துவிடும்.

நுழைவாயில் நெரிசல் வேறு விதம். பள்ளி விடும் நேரத்தில் ஜெலுத்தோங் சாலைகளின் நிலையை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. காரும் மோட்டாரும் பள்ளி வேனும் ஒரே இடத்தில் நிற்கும். பிள்ளைகள் அவற்றுக்கு இடையே நடந்து வரும். ஆனால் வேலிக்கு வெளியே தலைமையாசிரியருக்கு அதிகாரம் இல்லை. மாநகர் மன்றச் சாலையென்றால் பினாங்குத் தீவு மாநகர் மன்றத்துக்கு, பொதுப்பணி இலாகாவின் சாலையென்றால் அங்கே, போக்குவரத்தைச் சீர்செய்யக் காவல் துறைக்குக் கடிதம் எழுத வேண்டும். எந்த அலுவலகத்துக்கு, எந்தத் தேதியில், எந்த எண்ணிட்ட கடிதம் போனது என்பதைக் குறிப்பில் எழுதுங்கள். கடித எண் இல்லாத “கடிதம் அனுப்பப்பட்டது” பல சமயம் அனுப்பப்படாத கடிதம்தான்.

ஒரு விஷயத்தில் மட்டும் கூட்டமும் குறிப்பும் போதாது. பிள்ளைமீது பாலியல் அத்துமீறல் நடந்ததாகப் புகார் வந்தால் அதைச் செயலவையில் வைத்துப் பேசி, “உள்ளுக்குள்ளேயே தீர்த்துக்கொள்ளப்பட்டது” என்று எழுதக்கூடாது. 2017ஆம் ஆண்டின் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, அந்தச் சட்டத்தில் சொல்லப்பட்ட குற்றம் நடந்தது தெரிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் உண்டு. ஆசிரியர்போல் பிள்ளையின் நம்பிக்கைக்குரிய பொறுப்பில் இருப்பவரே குற்றம் செய்தால் தண்டனை கூடும். புகார் காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். அவசரம் என்றால் 999, குழந்தை உதவிக்கு தாலியான் காசே 15999. குறிப்பில் பிள்ளையின் பெயரும் வகுப்பும் வரக்கூடாது. “புகார் ஒன்று இன்ன தேதியில் காவல் துறைக்குத் தெரிவிக்கப்பட்டது” என்ற ஒரு வரி போதும். குறிப்பின் நகல் எத்தனை கைகளுக்குப் போகும் என்று எழுதுகிற செயலாளருக்கே தெரியாது.

குறிப்பின் நகலைத் தர மறுத்தால்? முதலில் செயலாளருக்கும் தலைமையாசிரியருக்கும் எழுத்தில் கேளுங்கள், பெறப்பட்டது என்ற முத்திரையோடு ஒரு நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் ஜெலுத்தோங் அடங்கும் வடகிழக்கு மாவட்டக் கல்வி அலுவலகம், அதற்குமேல் பினாங்கு மாநிலக் கல்வி இலாகா, பிறகு அமைச்சின் பொதுப் புகார் முறை சிஸ்பா. பணம் மாயமானதற்கு ஆவணம் கையில் இருந்தால் ஊழல் தடுப்பு ஆணையத்துக்குப் போகலாம். ஆவணம் இல்லாமல் வெறும் சந்தேகத்தோடு போனால் காரியம் நகராது.

இங்கே பினாங்கு மக்களுக்கே உரிய ஒரு வழியும் உண்டு, அதற்கு எல்லையும் உண்டு. மாநிலச் சட்டமன்றம் இயற்றி 2015இல் நடப்புக்கு வந்த தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் மாநில அரசுத் துறைகளிடமும் உள்ளாட்சி மன்றங்களிடமும் ஆவணம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கல்வி கூட்டரசின் கீழ் வருவதால் பள்ளியின் கூட்டக் குறிப்பை இந்தச் சட்டத்தைக் காட்டிக் கேட்க முடியாது. ஆனால் நுழைவாயில் சாலையைப் பற்றிப் பள்ளி அனுப்பிய கடிதத்தின் மீது மாநகர் மன்றம் என்ன முடிவெடுத்தது என்று கேட்கலாம். அப்படிக் கேட்க வேண்டுமானால் விண்ணப்பத்தில் எழுத அந்தக் கடிதத்தின் எண்ணும் தேதியும் வேண்டும். அவை கூட்டக் குறிப்பில் இருக்கின்றனவா என்று இந்த ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.