உங்களுக்குத் தெரியுமா? புழுங்கல் அரிசியும் தீட்டினால் கணக்கு மாறும்!

காட்பாடி மளிகைக் கடைகளில் “வீட்டுல சுகர் இருக்கு, புழுங்கலே போடுங்க” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் கேட்பதில் பாதி நியாயம் இருக்கிறது.

சோறு ரத்தச் சர்க்கரையை எவ்வளவு ஏற்றுகிறது என்று காட்டும் ஜி.ஐ. எண்ணை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? 50 கிராம் மாவுச்சத்து உள்ள அளவு சோற்றைச் சாப்பிடவைத்து, இரண்டு மணி நேரம் ரத்தச் சர்க்கரையை அளக்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்றும் அளவை 100 என்று வைத்து அதனுடன் ஒப்பிடுகிறார்கள். 55 வரை குறைவு, 70-ம் அதற்கு மேலும் அதிகம். வெள்ளை அரிசிக்குப் பெரும்பாலும் 70-ஐ ஒட்டியே வருகிறது.

புழுக்கினால் ஏன் குறைகிறது? ஆரணி மில்களில் நடப்பதுதான்: நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயவைத்து அரைக்கிறார்கள். வெந்து இளகிய மாவுச்சத்து ஆறும்போது மீண்டும் இறுகுகிறது. இறுகியது மெதுவாகச் செரிக்கும். வங்கதேசத்தின் பி.ஆர். 16 ரக அரிசியைச் சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, புழுக்காதது 55, வழக்கமாகப் புழுக்கியது 46, அழுத்த ஆவியில் புழுக்கியது 39 என்று வந்தது.

அப்படியானால் எந்தப் புழுங்கலும் சரியா? இல்லை. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தினர் பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி ரகப் புழுங்கல் அரிசியைத் தீட்டும் அளவில் மூன்று விதமாக்கிச் சோதித்தார்கள். 2017-இல் முடிவு வெளியானது. தவிடு நீக்காதது 57.6, லேசாகத் தீட்டியது 73, நன்றாகத் தீட்டிய வெள்ளை 79.6. மூன்றுமே புழுங்கல்தான்! கொஞ்சம் தீட்டியதற்கே 15 புள்ளி ஏறிவிட்டது. நம் வீட்டுப் பளபளப்பான புழுங்கல் அந்த மூன்றாவது வகை.

சிறுதானியம்? பல ஆய்வுகளைத் தொகுத்து 2021-இல் வெளியான கணக்கில் சராசரி 52.7, தீட்டிய அரிசிக்கு 71.7. ஆனால் அது சராசரிதான். ஜவ்வாது மலைச் சாமையானாலும் தவிடு போகத் தீட்டினாலோ, நைசாக மாவாக்கிக் கஞ்சி காய்ச்சினாலோ அந்த லாபம் குறைந்துவிடும்.

தட்டில் எவ்வளவு? கால் கிலோ சோற்றில் சுமார் 70 கிராம் மாவுச்சத்து. ஜி.ஐ. 72 என்றால் சர்க்கரைச் சுமை 70 × 72 ÷ 100, ஏறக்குறைய 50. அதே 70 கிராம் மாவுச்சத்தைச் சராசரிச் சிறுதானியத்தில் எடுத்தால் 37. வெள்ளைச் சோற்றையே பாதியாக்கினால் 25! தானியத்தை மாற்றுவதைவிட அளவைக் குறைப்பது அதிகம் உதவுகிறது.

அடுத்த முறை சாமை வாங்கும்போது ஒரு பிடி உள்ளங்கையில் கொட்டிப் பாருங்கள். மங்கிய பழுப்பு நிறமாக இருந்தால் தவிடு இருக்கிறது. வெள்ளை வெளேரென்று இருந்தால், தீட்டாதது இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.