பிரசன்டேஷனுக்கு முன்னால் போகும் மெயில்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு நூற்பாலை. அதன் கூரையில் சோலார் பேனல் போட்டுத்தர ஒரு சிறு நிறுவனம் முயற்சி செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். நேரில் போய்ப் பேசியாகிவிட்டது. 16 ஸ்லைடுகளில் பிரசன்டேஷனும் தயார். "அனுப்புங்க, பார்க்கிறேன்" என்று ஆலை முதலாளி சொல்லியிருக்கிறார். அன்று மாலையே மெயில் போகிறது:

"வணக்கம் சார். இன்றைய சந்திப்புக்கு நன்றி. எங்கள் பிரசன்டேஷனை இத்துடன் இணைத்துள்ளோம். பார்த்துவிட்டு உங்கள் கருத்தைத் தெரிவிக்கவும்."

மரியாதையில் ஒரு குறையும் இல்லை. ஆனாலும் இந்த மெயிலுக்குப் பெரும்பாலும் பதில் வராது. முதலாளி கோப்பைத் திறப்பார், 16 ஸ்லைடையும் தள்ளிப் பார்ப்பார், நன்றாக இருக்கிறது என்று நினைத்து மூடிவிடுவார். தன்னிடமிருந்து ஒரு முடிவு எதிர்பார்க்கப்படுகிறது என்பதே அவருக்குத் தெரியாது. அந்த முடிவு ஆறாவது ஸ்லைடில் இரண்டு கட்டங்களாக இருக்கிறது. அவர் தர வேண்டிய மின்கட்டண பில்கள் பற்றிய குறிப்போ பதிமூன்றாவது ஸ்லைடின் அடியில், சின்ன எழுத்தில் கிடக்கிறது.

திட்டத்தை விளக்கும் வேலையைப் பிரசன்டேஷன் பார்த்துக்கொள்ளும். அதை ஏன் இப்போது பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் மெயிலின் வேலை. அதனால் மெயிலை எழுத உட்காரும்போது 'வணக்கம்' என்று தொடங்காமல், கேட்க வேண்டியவற்றை முதலில் ஒரு தாளில் எழுதிக்கொள்வது நல்லது. எதைக் கேட்பது, எதை விடுவது? வாடிக்கையாளர் மட்டுமே செய்யக்கூடியதாகவும், அவர் செய்யாவிட்டால் நம் வேலை நின்றுபோவதாகவும் இருப்பதை மட்டும் கேட்கலாம்.

நம் சோலார் திட்டத்தில் அப்படி மூன்று தேறுகின்றன. எத்தனை கிலோவாட் என்ற முடிவு, கூரையின் தாங்குதிறனைச் சோதிக்க அனுமதி, கடந்த 12 மாத மின்கட்டண பில்கள். பராமரிப்பு ஒப்பந்தம், ஆட்களுக்குப் பயிற்சி போன்றவையும் பிரசன்டேஷனில் உண்டு. ஆனால் அவற்றை இன்று கேட்க வேண்டியதில்லை. ஏழெட்டு விஷயங்களை ஒன்றாகக் கேட்டால், கடினமான ஒன்றுக்கு யோசிக்கும்போது எளிதானவையும் சேர்ந்து தேங்கிவிடும்.

இப்போது மெயில் இப்படி மாறுகிறது. சப்ஜெக்ட்: "கூரை சோலார்: ஜூன் 20க்குள் 3 முடிவுகள் தேவை".

"வணக்கம் சார். ஆலைக் கூரையில் சோலார் அமைப்பதற்கான எங்கள் திட்டத்தை இணைத்துள்ளோம். எந்த அளவில் தொடங்குவது என்று நீங்கள் முடிவு செய்ய உதவுவதே இதன் நோக்கம். உங்களிடமிருந்து மூன்று விஷயங்கள் தேவை:

1. அளவு (ஸ்லைடு 6): 200 கிலோவாட்டா, 300 கிலோவாட்டா? 200 என்றால் முதல் ஷெட்டின் கூரையே போதும். நாளுக்குச் சராசரியாக 800 யூனிட் கிடைக்கும். 300 என்றால் 1,200 யூனிட். ஆனால் இரண்டாவது ஷெட்டின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மாற்ற வேண்டும். 200இல் தொடங்கலாம் என்பது எங்கள் பரிந்துரை.

2. கூரைச் சோதனை (ஸ்லைடு 9): ஜூன் 17 அல்லது 18 அன்று எங்கள் கட்டமைப்புப் பொறியாளர் வர அனுமதி. அரை நாள் ஆகும். உற்பத்தியை நிறுத்தத் தேவையில்லை.

3. மின்கட்டண பில்கள் (ஸ்லைடு 13): கடந்த 12 மாதத்துக்கு. இப்போதைய சேமிப்புக் கணக்கு 3 மாத பில்லை வைத்துப் போட்டது. முழு ஆண்டுக்குப் பார்த்தால் மாறக்கூடும்.

பேனலுக்கு இந்த விலை ஜூன் 25 வரைதான் என்பதால், கூரைச் சோதனைக்கு 17ஆம் தேதிக்கு முன்பும், மற்ற இரண்டுக்கும் 20ஆம் தேதிக்குள்ளும் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

முதலில் கவனிக்க வேண்டியது சப்ஜெக்ட். போனில் அறிவிப்பு வரும்போது அதன் முதல் சில சொற்களும் மெயிலின் முதல் வரியும்தான் கண்ணில் படும். நன்றியும் முகமனும் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டால் விஷயம் மறைந்துபோகும்.

ஒவ்வொரு கோரிக்கையோடும் ஸ்லைடு எண் இருப்பதால், கோப்பைத் திறப்பவர் நேராக அங்கே போகலாம். நம் பரிந்துரையும் கூடவே இருப்பதால், "200 ஓகே, 17ஆம் தேதி வரட்டும்" என்று ஒரே வரியில் பதில் போடலாம். 'எது வசதி என்று சொல்லுங்கள்' என்று மட்டும் விட்டால், யோசிக்கும் பாரம் முழுவதும் அவர் தலையில் விழும். கெடு தேதிக்குக் காரணம் சொல்லியிருப்பதும் முக்கியம். காரணமில்லாத கெடு அதிகாரம் போலத் தோன்றும். காரணம் பொய்யென்று தெரிந்தால் அடுத்த கெடுவை யாரும் மதிக்க மாட்டார்கள்.

மூன்றாவது கோரிக்கையில் கணக்கின் பலவீனமும் ஒளிக்காமல் சொல்லப்பட்டிருக்கிறது. முதலாளி இந்த மெயிலைப் பெரும்பாலும் தன் கணக்கு மேலாளருக்கு அனுப்புவார். மேலாளர் சந்திப்பில் இல்லாதவர். 3 மாத பில் என்பதை அவரே கண்டுபிடித்தால் சந்தேகம் வரும். நாமே சொல்லியிருந்தால் பில்லை எடுத்து அனுப்புவார். சந்திப்புக்கு வராத ஒருவர் படித்தாலும் புரிகிற மாதிரி மெயில் இருக்க வேண்டியது இதனால்தான்.

இத்தகைய மெயில்களில் அடிக்கடி நேரும் தவறு, எண்கள் பொருந்தாமல் போவது. கடைசி நேரத்தில் ஸ்லைடில் 1,200 என்பதை 1,150 ஆக்கியிருப்பார்கள். மெயிலில் பழைய எண்ணே இருக்கும். நடுவில் ஒரு ஸ்லைடைச் சேர்த்திருந்தால் ஸ்லைடு எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போயிருக்கும். ஆகவே இறுதிக் கோப்பைச் சேமித்த பிறகு, அதைத் திறந்து வைத்துக்கொண்டு மெயிலிலுள்ள ஒவ்வொரு எண்ணையும் ஒப்பிட வேண்டும்.

கோப்பை பி.டி.எஃப் ஆக அனுப்புவது பாதுகாப்பு. பவர்பாயின்ட் கோப்பாகவே அனுப்பினால், பேசுவதற்காக நாம் எழுதிவைத்த குறிப்புகளும் மறைத்துவைத்த ஸ்லைடுகளும் கூடவே போய்விடும். பேரம் பேச வைத்திருந்த கடைசி விலை அந்தக் குறிப்பில் இருக்கலாம். தமிழ் எழுத்துரு அவர் கணினியில் இல்லாவிட்டால் எழுத்தின் வடிவமும் மாறிப்போகலாம். பி.டி.எஃப் ஆக்கும்போதும் குறிப்புகள் அச்சாகாத வகையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஜிமெயிலில் இணைப்புக்கு வரம்பு 25 எம்.பி.; பல நிறுவனங்களின் சர்வர்களில் அதைவிடக் குறைவு. கூரைப் படங்களைச் சுருக்கினாலே கோப்பு நன்றாக இளைத்துவிடும். லிங்க்காக அனுப்புவதென்றால், வேறொரு கணக்கிலிருந்து அதைத் திறந்து பார்த்துவிட்டு அனுப்புங்கள். அனுமதி கேட்கும் பக்கம் வந்தால் பலர் அங்கேயே விட்டுவிடுவார்கள்.

அனுப்புவதற்கு முன், திட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒரு சக ஊழியரிடம் கோப்பைக் கொடுக்காமல் மெயிலை மட்டும் படிக்கக் கொடுங்கள். "அவர் என்ன செய்யணும், எப்போதுக்குள்ள?" என்று கேளுங்கள். மூன்றையும் தேதியோடு சொல்லிவிட்டால் மெயில் தயார். தடுமாறினால், எந்த இடத்தில் தடுமாறினாரோ அந்த வரியைத் திருத்துங்கள்.

அப்படியும் இரண்டு மூன்று நாளில் பதில் வரவில்லை என்றால், "பார்த்தீங்களா சார்?" என்று புது மெயில் போட வேண்டாம். அதே மெயிலுக்குப் பதிலாக, மூன்றில் மிக எளிதானதை மட்டும் கேளுங்கள்: "17ஆம் தேதி காலை பொறியாளர் வரலாமா சார்?" இதற்கு அவர் யோசிக்க வேண்டியதில்லை. பொறியாளர் ஆலைக்குள் வந்து கூரையைப் பார்த்துவிட்டால், 200ஆ 300ஆ என்ற பேச்சு அங்கேயே தொடங்கிவிடும்.