மூன்று சகோதரர்கள் எழுப்பிய கேள்வி

பஸ்ராவில் பிறந்த அபுல் ஹசன் அல்-அஷ்அரி, நாற்பது வயதுவரை முஃதஸிலா அறிஞர் ஜுப்பாயீயின் மாணவர். மனிதருக்கு நன்மையானதைச் செய்வது இறைவனின் கடமை என்றார் ஜுப்பாயீ.

மாணவர் மடக்கியதாக மரபு சொல்கிறது: ஒருவன் நல்லவனாக, ஒருவன் பாவியாக, ஒருவன் குழந்தையாக இறக்கிறார்கள். 'எனக்கு ஏன் ஆயுள் தரவில்லை?' எனக் குழந்தை கேட்டால்? 'வளர்ந்தால் பாவியாவாய் என்பதால்' என்பான் இறைவன். 'அப்படியானால் என்னை ஏன் வளரவிட்டாய்?' என்று பாவி கேட்டால்?

ஆசிரியரிடம் பதில் இல்லை.

912 வாக்கில் பிரிந்த அஷ்அரி, தர்க்கத்தைக் கைவிடாமல் அதைக்கொண்டே வேதத்துக்காக வாதாடினார். வாதத்தைவிட மதரஸாக்களே இக்கொள்கையை நிலைநிறுத்தின. செல்ஜுக் அமைச்சர் குந்துரியின் ஒடுக்குமுறையால் ஊரைவிட்டுப் போன ஜுவைனியை, அடுத்த அமைச்சர் நிஜாமுல் முல்க் நிஷாப்பூரில் ஆசிரியராக்கினார். அவரிடம் படித்த கஸ்ஸாலி 1091இல் பாக்தாத் நிஜாமிய்யாவில் பாடம் சொல்லத் தொடங்கினார்.