ஆய்வகத்தில் அமிலம் தெறித்தால் அறிக்கையில் என்ன எழுதுவது?

பிளஸ் டூ வேதியியல் பிராக்டிகலில் உப்பைக் கண்டுபிடிக்கும் வகுப்பு நடக்கிறது. குளோரைடு இருக்கிறதா என்று பார்க்க, சோதனைக் குழாயில் சிறிதளவு உப்பை எடுத்து, சில சொட்டு அடர் கந்தக அமிலம் விட்டு லேசாகச் சூடாக்குகிறார்கள். குழாயை ஆட்டாமல், அடிப்பகுதியை மட்டும் தீயில் காட்டினால் உள்ளிருப்பது சட்டென்று பொங்கித் தெறிக்கும். குழாயின் வாய் யார் பக்கம் இருக்கிறதோ, அவர்மேல்தான் படும்.

அப்படிப் பக்கத்து மாணவியின் மணிக்கட்டில் பட்டதாக வைத்துக்கொள்வோம். தலைமை ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் அறிவியல் ஆசிரியர் அறிக்கை தர வேண்டும். அவசரத்தில் எழுதினால், "கவனக்குறைவால் ஆசிட் பட்டு லேசான காயம். முதலுதவி அளிக்கப்பட்டது" என்று முடிந்துவிடும். இதை வைத்துக்கொண்டு மருத்துவரால் ஒன்றும் செய்ய முடியாது. எந்த அமிலம், அடர்வா நீர்த்ததா, சூடாக இருந்ததா, எவ்வளவு நேரம் தண்ணீரில் காட்டினீர்கள் என்றுதான் அவர் கேட்பார். காயம் லேசானதா என்பதை முடிவு செய்ய வேண்டியவரும் அவரே.

ஆகவே அறிக்கை இப்படி இருக்கலாம்: "காலை 11.20: சூடான அடர் கந்தக அமிலம் இடது மணிக்கட்டின் உட்புறம், ஒரு ரூபாய் நாணய அளவில் பட்டது. உடனே வளையலைக் கழற்றி, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினோம். சோடா மாவு, மை, பற்பசை எதுவும் போடவில்லை. 11.30: தாயாருக்குத் தொலைபேசியில் தெரிவித்தோம். 11.45: ஆசிரியை ஒருவர் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்."

சோடா மாவு போடவில்லை என்று எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது அமிலத்தோடு வினைபுரியும்போது வெப்பம் உண்டாகி, புண்ணை இன்னும் மோசமாக்கலாம். அடர் கந்தக அமிலம் தண்ணீரில் கலக்கும்போதும் சூடேறும். அதனால்தான் ஈரத்துணியால் ஒற்றாமல், ஓடும் தண்ணீரில் விடாமல் காட்டுகிறார்கள். அந்த நீர் அமிலத்தையும் சூட்டையும் சேர்த்து அடித்துக்கொண்டு போய்விடும்.

காரணம் எழுதும்போது, கண்ணால் பார்த்ததையும் பிறர் சொன்னதையும் பிரித்தெழுத வேண்டும். "தெறித்ததை நான் பார்க்கவில்லை, சத்தம் கேட்டுத் திரும்பினேன். குழாய் ஆட்டப்படவில்லை என்று எதிரே நின்ற மாணவர் சொன்னார்" என்றால் தலைமை ஆசிரியர் மேற்கொண்டு விசாரிக்க முடியும். ஒரே மேசையில் எத்தனை பேர் நின்றார்கள், கண்ணாடியும் கையுறையும் அணிந்திருந்தார்களா என்பதும் இதில் வர வேண்டும்.

பெற்றோருக்குப் போகும் நகலில், குழாயைப் பிடித்திருந்த மாணவரின் பெயர் வேண்டாம். தெரிந்துவிட்டால் விஷயம் இரண்டு குடும்பங்களின் சண்டையாகிவிடும். புண்ணில் சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் தெரிந்தால் மீண்டும் மருத்துவரிடம் காட்டச் சொல்லும் வரியே அவர்களுக்குப் பயன்படும். தலைமை ஆசிரியரின் நகலில் மட்டும் கடைசியாக ஒன்று சேர வேண்டும்: அடுத்த பிராக்டிகலில் குழாயின் வாய் சுவரைப் பார்த்திருக்கும்படி மாணவர்களை ஒரே பக்கமாக நிறுத்த, எத்தனை மேசை கூடுதலாகத் தேவை என்ற கணக்கு.